மயில்கழுத்துச் சேலையும் கேமராவின் இரண்டு நிறவெளிகளும்

கடந்த தை மாதம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்தேன். மணப்பெண்ணுக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை. மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் என்பதால், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சந்தன வெள்ளையில் கசவு உடுத்தி வந்திருந்தார்கள். என் கணினித் திரையில் படங்கள் அத்தனையும் நன்றாகவே இருந்தன. பென்டிரைவில் போட்டுக் கொடுத்த மறுநாள் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். "தம்பி, டிவியில் போட்டுப் பார்த்தோம். சேலை பழைய துணி மாதிரி வெளுத்துக் கிடக்கிறதே?" என்றார். மற்ற நிறங்கள் எப்படி என்று கேட்டேன். "கசவெல்லாம் அப்படியே இருக்கிறது, சேலைதான் போய்விட்டது" என்றார்.

கசவு சரியாக இருக்கிறது, சேலை மட்டும் கெட்டிருக்கிறது என்ற அந்த ஒரு வரியிலேயே கோளாறு எங்கே என்பது தெரிந்துவிட்டது. வெள்ளைச் சமநிலை தவறியிருந்தால் கசவுதான் முதலில் நீலமாகவோ மஞ்சளாகவோ மாறியிருக்கும். டிவியின் வண்ண அமைப்புத்தான் காரணம் என்றால் அவர்கள் பார்க்கும் மற்ற படங்களும் மங்கியிருக்கும். வெள்ளையும் சாம்பலும் அப்படியே நிற்க, அடர்ந்த நிறங்கள் மட்டும் சோர்ந்துபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நிறவெளியை, அதாவது படம் எந்த நிற எல்லைக்குள் எழுதப்படுகிறது என்பதை. கேமரா மெனுவில் Color Space என்ற வரியில் sRGB, Adobe RGB என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். என் கேமராவில் இரண்டாவது இருந்தது. "பெரிய நிறவெளி, அதனால் நல்லது" என்று எப்போதோ கேட்டதை நம்பி நானே மாற்றி வைத்தது.

இரண்டும் பிறந்த காரணமே வேறு. sRGB 1996-இல் எச்.பி., மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் முன்வைத்தது. அன்றைய சாதாரணக் கணினித் திரைகள் காட்டக்கூடிய நிறங்களே அதன் எல்லை. Adobe RGB 1998-இல் வந்தது. அச்சு மையால் கொண்டுவர முடிந்து, அந்தத் திரைகளுக்கு எட்டாத நிறங்களையும் அடக்குவது அதன் நோக்கம். சிவப்பு முனையும் நீல முனையும் இரண்டுக்கும் ஒன்றே. பச்சை முனை மட்டும் Adobe RGB-இல் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. ஆக, கூடுதலாகக் கிடைக்கும் இடமெல்லாம் பச்சைக்கும் நீலப்பச்சைக்கும்தான். மயில்கழுத்து நிறம் சரியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கொல்லங்கோட்டு வயல்களின் இளநாற்றுப் பச்சையும் அதன் அக்கம்பக்கம்தான்.

அப்படியானால் பெரிய நிறவெளியில் எடுத்த சேலை ஏன் இன்னும் பளிச்சென்று தெரியாமல் வெளுத்தது? படக்கோப்பில் இருப்பவை எண்கள் மட்டுமே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அந்த எண் எந்த அளவுகோலில் எழுதப்பட்டது என்பது வேறொரு குறிப்பில் இருக்கிறது. சேலை மடிப்பில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். sRGB அளவுகோலில் அதன் எண்கள் 0, 128, 128 என்று வையுங்கள். சிவப்பு துளியும் கலக்காத நீலப்பச்சை. அதே நிறத்தை Adobe RGB அளவுகோலில் எழுதினால் 72, 127, 127 என்று வரும். அங்கே பச்சையின் முனை மிக அடர்த்தியானது என்பதால், அதை இந்த அளவுக்கு இறக்கச் சிவப்பைக் கலக்க வேண்டியிருக்கிறது. குறிப்பைப் படிக்கும் மென்பொருள் இரண்டு கோப்புகளையும் ஒரே நிறமாகவே காட்டும். டிவி குறிப்பைப் பார்க்கவில்லை. 72, 127, 127 என்பதை sRGB எண்களாகவே எடுத்துக்கொண்டது. சிவப்பே இல்லாத இடத்தில் 72 அளவு சிவப்பு ஏறியதும், சேலையில் சாம்பல் பூத்துவிட்டது. கசவில் மூன்று எண்களும் ஏறக்குறைய சமம் என்பதால், எந்த அளவுகோலில் படித்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை.

இங்கே பலர் திரையைக் குறை சொல்கிறார்கள், அது சரியில்லை. சாதாரண sRGB திரையிலும், குறிப்பை மதிக்கும் மென்பொருளில் திறந்தால் Adobe RGB படம் மங்காது. திரைக்கு எட்டாத சில அடர்நிறங்கள் எல்லையில் வெட்டுப்படும், அவ்வளவுதான். இன்றைய உலாவிகளும் புதிய கைப்பேசிகளும் பெரும்பாலும் குறிப்பை மதிக்கின்றன. சிக்கல் நடுவழியில்தான். படத்தைச் சுருக்கும் சில செயலிகள் குறிப்பை உதறிவிடுகின்றன. பென்டிரைவிலிருந்து படம் காட்டும் டிவி அதைப் பார்க்காமலே போகலாம். சில அச்சகங்களில் எது வந்தாலும் sRGB என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஆல்பத்துக்குக் கொடுத்த கடையிலும் இதுவே நடந்தது. மாதிரித் தாளில் சேலை டிவியில் இருந்ததைப் போலவே வந்தது.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. விரிந்த நிறம் காட்டும் மடிக்கணினியில், குறிப்பை மதிக்காத மென்பொருளை வைத்து sRGB படத்தைத் திருத்தினால், நிறங்கள் அளவுக்கு மீறிக் கொழுத்துத் தெரியும். கண் உறுத்துகிறதே என்று நிறச்செறிவைக் குறைப்போம். குறைத்த படம் மற்றவர் திரையில் சோகை பிடித்ததுபோல் இருக்கும்.

இனி எதைத் தேர்வது? கேமரா பதப்படுத்தாத மூலத்தரவான RAW எடுப்பவருக்கு இந்தக் கேள்வியே பெரிதில்லை. RAW தரவை இந்த அமைப்பு தொடுவதில்லை. கேமராவின் பின்திரையில் தெரியும் சிறுபடத்தையும் அதிலிருந்து வரும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் மட்டுமே மாற்றும். நிறவெளியை வீட்டில் ஏற்றுமதி செய்யும்போது தீர்மானித்துக்கொள்ளலாம். JPEG எடுத்து அப்படியே கையில் கொடுப்பவர், அதாவது எங்கள் எல்லைப் பக்கத்துக் கல்யாணப் படக்காரர்களில் பெரும்பாலானோர், sRGB-இல் வைப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அதில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல வெயிலில் பட்டின் மிக அடர்ந்த மடிப்புகளில் சிவப்பு எண் 0-இல் முட்டி நின்றுவிடும். அங்கே நெசவின் நுணுக்கம் கொஞ்சம் தட்டையாகும். அந்த நுணுக்கம் வேண்டும், விரிந்த நிறத் திரையும் இருக்கிறது, பல மை பிரிண்டரில் தானே அச்சிடுவேன் என்பவருக்கு Adobe RGB உண்மையிலேயே பயன் தரும். வேறொருவர் கைக்குக் கோப்பு போகும் இடத்தில் அந்தப் பயன் நிற்பதில்லை.

ஏற்கெனவே எடுத்துவிட்ட படங்களுக்கு முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். பல கேமராக்கள் Adobe RGB படத்தின் பெயரை அடிக்கோட்டில் தொடங்கும்: DSC_0412 என்பது _DSC0412 ஆகும். அடுத்து, போட்டோஷாப்பில் வரிசை தவறக் கூடாது. குறிப்பு உதிர்ந்த கோப்பு என்றால் Edit மெனுவில் Assign Profile சென்று Adobe RGB கொடுக்க வேண்டும். எண்கள் மாறாது, அவற்றின் பொருள் திரும்பும், சேலை உடனே உயிர்பெறும். பிறகுதான் Convert to Profile, அதில் sRGB. இப்போது எண்கள் மாறும், நிறம் அப்படியே நிற்கும். குறிப்பு பத்திரமாக இருக்கும் கோப்புக்கு இரண்டாவது மட்டும் போதும். Assign-இல் நேரடியாக sRGB கொடுத்துச் சேமித்தால் மங்கலே நிலைத்துவிடும். வெறுமனே நிறச்செறிவை ஏற்றிப் பார்ப்பதும் உதவாது. சேலை தேறுவதற்கு முன்பே மஞ்சள் பூசிய முகம் சிவந்துபோகும்.

ஆல்பத்துக்கான படங்கள் அனைத்தையும் இப்படி மாற்றி, அதே கடையில் மறுபடி ஒரு மாதிரித் தாள் போடச் சொன்னேன். பெண்ணின் அப்பா அந்தச் சேலையையே கையோடு கொண்டுவந்து, கடை வாசல் வெளிச்சத்தில் தாளின் மேல் விரித்து வைத்துப் பார்த்தார். முந்தானையின் உள்மடிப்பில் மட்டும் பட்டு ஒரு சாயல் கூடுதலாக இருந்தது. மற்றபடி அச்சிடலாம் என்று சொல்லிவிட்டார்.