துபாயில் இருப்பவரின் என்ஆர்ஓ வட்டியில் 31.2% பிடித்தம்: கிளையை நம்பி ஏமாற வேண்டாம்

2024-25ல் நடந்தது இது. துபாயில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஊரில், வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்குள்ள வருமானத்துக்கு வைக்கும் என்ஆர்ஓ கணக்கில் 12 லட்சம் ரூபாய் டெபாசிட், 7% வட்டி. மூன்று மாதத்துக்கு 21,000 ரூபாய் வர வேண்டும். கைக்கு வந்ததோ 14,448. மீதி 6,552 ரூபாயை வங்கி டிடிஎஸ் ஆகப் பிடித்துவிட்டது. 30% வரி, அதன் மேல் 4% செஸ், ஆக 31.2%.

இந்தியா–அமீரக இரட்டை வரி ஒப்பந்தப்படி இந்த வட்டிக்கு 12.5% தான் உச்சவரம்பு, செஸ் தனியாகச் சேராது. அப்படிப் பார்த்தால் பிடித்திருக்க வேண்டியது 2,625 ரூபாய். அவர் அமீரகத்தில் வாங்கிய வரி வசிப்பிடச் சான்றிதழையும், ஒப்பந்தச் சலுகைக்காக வருமான வரித் தளத்தில் போட்ட 10எஃப் படிவத்தையும் ஏப்ரலிலேயே கிளையில் கொடுத்திருந்தார். கிளை ஊழியர் அவற்றைக் கோப்பில் வைத்ததோடு சரி, கம்ப்யூட்டரில் விகிதத்தை மாற்றவில்லை. ஒப்புகைச் சீட்டும் தரவில்லை. கேட்டபோது "வருஷக் கடைசியில் திருப்பிப் போட்டுவிடுவோம் சார்" என்றார்கள்.

அந்த வார்த்தையில்தான் ஏமாற்று. பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டிவிட்ட பிறகு கிளையால் அதைத் திருப்பித் தர முடியாது. நான்கு காலாண்டிலும் சேர்த்து 26,208 ரூபாய் போய்விட்டது.

முதல் காலாண்டின் பிடித்தம் ஆகஸ்ட் வாக்கில், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும். அப்போதே 21,000க்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்திருந்தால், மீதி மூன்று காலாண்டையாவது காப்பாற்றியிருக்கலாம். காகிதத்தைக் கவுண்டரில் நீட்டிவிட்டு வராதீர்கள். மின்னஞ்சலிலும் அனுப்பி, "12.5% என்று ஏற்றியாகிவிட்டதா" எனப் பதில் வாங்குங்கள். இந்த ஆவணங்களை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தர வேண்டும். போன வருஷத்தது ஏப்ரல் முதல் செல்லாது.

சில கிளைகளில் "15ஜி எழுதிக் கொடுங்க, ஒன்றும் பிடிக்க மாட்டோம்" என்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் அந்த உறுதிமொழிப் படிவம் இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் பொய் உறுதிமொழி. மாட்டுவது நீங்கள்தான், கிளை மேலாளர் அல்ல.

பணம் திரும்ப வர ஒரே வழி, ஐடிஆர்-2 படிவத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் (ஐடிஆர்-1 இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்). இவருக்கு இந்தியாவில் வட்டி 84,000 மட்டுமே. அந்த ஆண்டின் புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே இல்லை என்பதால், 12.5% கூட அல்ல, 26,208ம் முழுசாக அவருடையது. ரீஃபண்ட் விழ என்ஆர்ஓ கணக்கை வரித் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக்குத் தாமதமாகத் தாக்கல் செய்யவும் 2025 டிசம்பர் 31 தான் கடைசி நாளாக இருந்தது. கிளை சொன்ன "வருஷக் கடைசி"க்குக் காத்திருந்தவருக்கு அந்தத் தேதியும் கிட்டத்தட்ட நழுவியிருந்தது.