சுவரோடு ஒட்டிப்போன ஸ்க்ரீன் பிராக்கெட்: கத்தியா, சூடா, தின்னரா?

பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் ரெண்டு ஜன்னல், ஸ்க்ரீன் கம்பியைத் தாங்கும் நாலு பிராக்கெட். நாலையும் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். முன்னறை தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர். பின்னறை பிறகு இழுத்துக் கட்டியது. சிமெண்ட் பூச்சு, மேலே பட்டி, அதற்கு மேல் எமல்ஷன். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயிண்டர்கள் பிராக்கெட்டைக் கழற்றாமல் மேலேயே பூசிவிட்டுப் போனதில் தகடு எது, சுவர் எது என்று தெரியாத நிலை. ஸ்க்ரூ தலை வெறும் மேடாகத்தான் இருந்தது.

பின்னறையில் முதல் பிராக்கெட்டைக் கெடுத்தது நான்தான். ஸ்க்ரூவைக் கஷ்டப்பட்டுக் கழற்றிவிட்டு, "இனி என்ன" என்று தகட்டின் இடுக்கில் திருப்புளியைக் கொடுத்து நெம்பினேன். பிராக்கெட் வந்தது. கூடவே உள்ளங்கை அளவுக்குப் பட்டியும் வந்தது, உள்ளே சாம்பல் நிறச் சிமெண்ட் தெரிய. "ஏல, சுவத்தையும் சேத்துக் கழத்திட்டியா?" என்றார் சித்தப்பா.

ஏன் அப்படி ஆகிறது? தகட்டு விளிம்பிலிருந்து சுவருக்கு ஓடும் பெயிண்ட் ஒரே தோலாக இருக்கிறது. தகட்டை இழுத்தால் அந்தத் தோலும் இழுபடும். தோல் அறுவதற்கு முன்னால், அதற்கு அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கு, அதாவது பட்டி, சிமெண்டிலிருந்து பெயர்ந்துவிடும். ஆக எந்த வழியானாலும் கேள்வி ஒன்றுதான்: தோலை விளிம்பிலேயே துண்டிக்கிறதா, இல்லையா?

பேப்பர் கட்டர். ரெண்டாவது பிராக்கெட்டை இதில் எடுத்தேன். புது பிளேடு வேண்டும். மழுங்கியது பெயிண்டை அறுக்காமல் பிய்க்கும். பிளேடின் முனையைத் தகட்டு இரும்பில் சாய்த்து, இரும்பையே வழிகாட்டியாக வைத்துச் சுற்றி வர வேண்டும். சுவர்ப் பக்கம் சாய்த்தால் பட்டியில்தான் கோடு விழும். ஒரே அழுத்தில் வெட்ட நினைக்கக் கூடாது. லேசாக ஐந்தாறு தடவை ஓட்டினால் போதும். முதலில் கரகரவென்று பிடிக்கும். அறுந்த பிறகு சத்தம் மாறும், பிளேடு வழுக்கி ஓடும், தகட்டைச் சுற்றி முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு எங்காவது விட்டுப்போயிருந்தால் அங்கேதான் சுவர் பெயரும்.

அடுத்தது ஸ்க்ரூ. தலையின் வெட்டில் அடைத்திருக்கும் பெயிண்டை உடைந்த ஆக்ஸா பிளேடு முனையால் சுரண்டி எடுத்து, திருப்புளியை உட்கார வைத்து, பின்னால் சுத்தியலால் ரெண்டு தட்டு. இதைச் செய்யாமல் திருகினால் வெட்டு வழுக்கிப் போகும், அப்புறம் பெரிய பாடு. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்பிவிட்டுத்தான் தளர்த்தும் பக்கம் வர வேண்டும். தலையைச் சுற்றியுள்ள பெயிண்ட் அதில் உடைந்துவிடும்.

ஸ்க்ரூ வந்த பிறகும் தகடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். நான் முதல் தடவை தப்பு செய்த இடம் இது. நெம்பவோ இழுக்கவோ வேண்டாம். பிராக்கெட்டைப் பிடித்துச் சுவரோடு சுவராக இடமும் வலமும் லேசாக முறுக்க வேண்டும். இழுத்தால் பட்டி உரிகிறது. முறுக்கினால் தகட்டுக்கு அடியில் மிச்சமிருக்கும் பெயிண்ட் அறுகிறது. ரெண்டாவது பிராக்கெட் 20 நிமிஷத்தில் கையோடு வந்தது. விளிம்பில் நகக்கண் அளவுக்கு மட்டும் ஒரு சில்லு போயிருந்தது.

சூடு. அந்தச் சில்லையும் தவிர்த்திருக்கலாம், தலைமுடி காயவைக்கிற டிரையர் இருந்தால். எமல்ஷன் சூட்டில் இளகும். பிளாஸ்டிக் தோல் என்பதால் உடையாமல் இழுபட்டு அறுபடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து ரெண்டு மூணு நிமிஷம் காட்டினால் இரும்பே சூட்டை அடியில் கொண்டுபோகும். சூடு இருக்கும்போதே கட்டரை ஓட்ட வேண்டும். ஆக இது கத்திக்குப் போட்டியில்லை, கத்திக்குத் துணை. எமல்ஷன் சுவரில் என் ஓட்டு இந்த ஜோடிக்குத்தான். பிளாஸ்டிக் பிராக்கெட் என்றால் மட்டும் வேண்டாம், கோணிப்போகும்.

ஹீட் கன் வேறு சமாச்சாரம். எமல்ஷன் குமிழ் குமிழாக எழும்பி, பிராக்கெட்டுக்குச் சம்பந்தமில்லாத இடத்திலும் பட்டியை விடும். பழைய எனாமல் பெயிண்ட் என்றால் இன்னொரு பயமும் இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதே நல்லது. அதைக் கடுஞ்சூட்டில் காய்ச்சினால் புகையிலும், காய்ந்தபடி உப்புத்தாள் போட்டால் தூசியிலும் ஈயம் வரும். அங்கே ஈரத்துணியும் கட்டரும் போதும்.

தின்னர். கடையில் முதலில் எடுத்துத் தருவது இதைத்தான். காய்ந்து இறுகிய எனாமலை இது கரைக்காது. எமல்ஷனை அரைகுறையாக இளக்கி, சுவரில் வழிந்து, கீழே வரைக்கும் கோடு போடும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைக் காதுகுடையும் பஞ்சில் தொட்டு ஸ்க்ரூ வெட்டில் வைப்பதோடு சரி. அதுவும் டிரையர் பக்கத்தில் கூடாது, தீப்பிடிக்கும்.

முன்னறைக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. சுண்ணாம்பும் டிஸ்டெம்பருமாக அடுக்கடுக்காய் அடித்த சுவர். இளகுவதற்கு அங்கே தோலே இல்லை, சூடு வீண். காய்ந்தபடி கீறினால் செதில் செதிலாக உதிரும். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து விளிம்பில் மட்டும் தடவி, ஐந்து நிமிஷம் ஊறவிட்டுக் கீறினால் வெண்ணெய் மாதிரி வருகிறது. ஊற்றக் கூடாது, ஈரம் உள்ளே இறங்கினால் காரையே பலமிழக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதமேறி நிற்கும்போது இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது.

அங்கே உண்மையான வில்லன் ஸ்க்ரூதான். பிளாஸ்டிக் கட்டை வருவதற்கு முந்தைய காலம். சுவரில் மரக்கட்டை அடித்து அதில் ஸ்க்ரூ. துருவும் மரமும் ஒன்றாகிப்போயிருக்கும். நான் திருகினேன், பிராக்கெட்டைச் சுற்றிக் காரையில் ஒரு வட்ட வெடிப்பு ஓட ஆரம்பித்தது. ஸ்க்ரூ மட்டும் சுற்றவில்லை, மரக்கட்டையே சுற்றுகிறது.

தெருமுனை ஆசாரியைக் கூப்பிட்டேன். பார்த்த உடனே, "திருப்புளியக் கீழ போடுங்க அண்ணாச்சி. தலைய மட்டும் எடுத்துருவோம்" என்றார். ஸ்க்ரூ தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் உளியால் ஒரு குழி தட்டி, 5 எம்எம் இரும்பு பிட்டால் டிரில் போட்டார், ஹேமர் மோடை அணைத்துவிட்டு. கழுத்து அதைவிட மெல்லிசு என்பதால் கொஞ்சம் இறங்கியதும் தலை மோதிரம் மாதிரி கழன்று பிட்டில் சுற்றியது. அப்புறம் பிராக்கெட்டை நேராக முன்னால் எடுக்க வேண்டியதுதான். ஸ்க்ரூத் துண்டுகள் சுவரிலேயே நின்றன. அவற்றையும் பிடுங்கலாமா என்றேன். "கட்டையோட வந்துரும், குழிக்கு யார் பூசுறது?" என்றார். நீட்டியிருந்ததை ஆக்ஸா பிளேடால் சுவர் மட்டத்துக்கு அறுத்து, துரு கசியாமல் இருக்க ஒரு சொட்டு ரெட் ஆக்சைடு தொட்டு வைத்தார்.

நாலாவதையும் அதே மாதிரி எடுத்தோம். புது பிராக்கெட்டை அதே கட்டையில் நம்பி மாட்டவில்லை. ரெண்டு அங்குலம் தள்ளித் துளை போட்டோம். முதல் பிராக்கெட் பெயர்த்த இடத்துக்குத்தான் இன்னும் பட்டி பூசவில்லை. ஸ்க்ரீன் துணி மறைக்கிறது என்று சித்தப்பா விட்டுவிட்டார்.