ஓரத்தை வெட்டுவதா, நிறத்தைக் குறைப்பதா?

பின்னணி நீக்கிய ஒரு பூச்சாடிப் படம். 2000×2000 பிக்சல், பிஎன்ஜி கோப்பு, 1.8 எம்பி. சாடி இருப்பதோ நடுவில் 900×1400 அளவுக்குள்தான். சுற்றிலும் வெறும் வெளி. அதை வெட்டினால் கோப்பு பாதியாகும் என்று நம்பி வெட்டினேன். நூறு கேபிகூடக் குறையவில்லை.

காரணம் எளிது. ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வரும் இடத்தை பிஎன்ஜி கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருக்கிவிடும். எடை முழுக்கச் சாடியின் பிக்சல்களில்தான். ஒரு விதிவிலக்கு உண்டு: சில மென்பொருள்கள் பின்னணியை அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும். பழைய படத்தின் நிறங்கள் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கும். அப்படிப்பட்ட கோப்பில் வெட்டினால் நன்றாகவே குறையும்.

அதற்காக வெட்டுவது வீண் இல்லை. திரையில் காட்ட விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 16 எம்பி நினைவகம் பிடித்த படம், வெட்டியபின் 5 எம்பிதான் பிடிக்கும். நிறத்தைக் குறைப்பதால் இந்த லாபம் பொதுவாக வராது. ஆனால் ஒரே அளவில் வரிசையாக நிற்கவேண்டிய படங்களை வெட்டாதீர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கும்.

கோப்பின் எடைதான் கவலை என்றால் என் ஓட்டு நிறக் குறைப்புக்கே. பிக்சலுக்கு 4 பைட் இருந்த இடத்தில் 256 நிறப் பட்டியலைச் சுட்டும் ஒரே பைட். என் சாடி 560 கேபிக்கு இறங்கியது. கீழே முதல் வரி ஓரத்தை வெட்டும், இரண்டாவது நிறத்தைக் குறைக்கும்:

```
magick in.png -trim +repage cut.png
pngquant --quality=70-90 --output out.png cut.png
```

முதல் வரியிலுள்ள `+repage`-ஐ விட்டுவிட்டால் பழைய அளவும் இடமும் கோப்பிலேயே தங்கிவிடும்.

சிக்கல் நிழலில்தான். அந்தப் பட்டியலில் ஒவ்வோர் இடமும் நிறத்தையும் ஒளிபுகும் அளவையும் சேர்த்தே வைத்திருக்கிறது. சாடிக்குக் கீழே மென்மையாகக் கரையும் நிழல் இருந்தால், அதன் ஒவ்வொரு படிக்கும் தனி இடம் வேண்டும். சாடியின் நிறங்களுக்கும் அதே 256-தான். இரண்டும் அடித்துக்கொள்ளும்போது நிழல் வளையம் வளையமாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் அப்படித்தான் சரி என்று நினைத்து அனுப்பினேன்; கருநீலத் தாளில் சாடியின் விளிம்பு ரம்பப் பல்போல நின்றது. அப்புறம் நிழலைத் தனிக் கோப்பாகப் பிரித்து, சாடியை மட்டும் குறைத்தேன்.

கண்ணாடிப் பொருள்களில் இதை அதிகம் சோதித்ததில்லை, அங்கே பாதி ஒளிபுகும் பிக்சல்கள் ஏராளம் என்பதால் தயங்குகிறேன். எதுவானாலும் முழு நிறமுள்ள மூலக் கோப்பு கையில் இருக்கட்டும், குறைத்ததைத் திருத்தி மறுபடி குறைத்தால் புள்ளிப் புள்ளியாகிவிடும்.