வீடு தேடிச் சென்று கற்பிப்பதா, வீட்டில் பேட்ச் நடத்துவதா? டியூஷன் கட்டணத்தைக் கணக்கிடும் முறை

மதுரையில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்குப் பாடம் எடுத்து, அதை மட்டுமே வருமானமாகக் கொண்டு குடும்பம் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். (பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு தடை செய்கிறது, ஆகவே இந்தக் கணக்கு டியூஷனையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களுக்கானது.) அவருக்கு மாதம் 25,000 ரூபாய் கைக்கு வர வேண்டும். மாலை 5 மணி முதல் 9 மணி வரை நான்கு மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து வகுத்தால் மணிக்கு 240 ரூபாய் வருகிறது. பெரும்பாலானோர் இந்த எண்ணை 250 ஆக்கிப் பெற்றோரிடம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டணத்தில் 25,000 ரூபாய் ஒருநாளும் கைக்கு வராது.

காரணம், வகுக்கும் எண் தவறாக இருப்பதுதான். டியூஷன் ஆண்டு என்பது பன்னிரண்டு மாதம் அன்று. மே மாதம் முழுவதும் வருமானம் இல்லை. பொதுத்தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் பெரும்பகுதி போய்விடுகிறது. காலாண்டு, அரையாண்டு விடுமுறை, பொங்கல், தீபாவளி, சொந்தக் காய்ச்சல், உறவினர் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் கழித்தால் 52 வாரங்களில் 40 வாரங்களே மிஞ்சும். எனவே கணக்கை ஆண்டுக்குப் போட வேண்டும். தேவைப்படும் வருமானம் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். அதனுடன் தொழிலுக்கான செலவைக் கூட்டி, உண்மையில் பணம் கிடைக்கும் மணி நேரங்களால் வகுக்க வேண்டும்.

முதலில் மாணவர் வீட்டுக்குச் செல்லும் முறையைப் பார்ப்போம். பெட்ரோல் 20,000 ரூபாய். வண்டியின் சர்வீஸ், டயர், காப்பீடு 6,000. நோட்ஸ், செராக்ஸ் 5,000. கைபேசி ரீசார்ஜ் 4,000. இவற்றுடன், 90,000 ரூபாய்க்கு வாங்கிய ஸ்கூட்டர் ஒன்பது ஆண்டு ஓடும் என்றால், அடுத்த வண்டிக்காக ஆண்டுக்கு 10,000 எடுத்து வைக்க வேண்டும். சம்பளக்காரருக்கு நிறுவனம் கட்டும் மருத்துவக் காப்பீட்டை இவர் தாமே கட்டுவதால் அதற்கு 15,000. ஆக 60,000 ரூபாய் செலவு, மொத்தம் 3,60,000 தேவை. (இந்த அளவு வருமானத்துக்கு வருமான வரி வராது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.)

இனி நேரம். வில்லாபுரத்தில் ஒரு வகுப்பை முடித்து அண்ணாநகரில் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே 5 மணிக்கு ஒன்று, 6.30க்கு ஒன்று, 8 மணிக்கு ஒன்று என ஒரு மாலைக்கு மூன்று வகுப்புகளே அடங்கும். ஆறு நாளுக்குப் பதினெட்டு, ஞாயிறு காலை இரண்டு, ஆக வாரத்துக்கு இருபது. நாற்பது வாரத்துக்கு 800 மணி. அதிலும் ஊருக்குப் போகிறோம், நாளை பள்ளியில் தேர்வு, பையனுக்கு உடம்பு சரியில்லை என்று பத்தில் ஒரு வகுப்பாவது நின்றுபோகும். மிஞ்சுவது 720 மணி. 3,60,000 ரூபாயை 720ஆல் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். முதலில் வந்த 240 ரூபாயைப் போல இரு மடங்குக்கும் மேல்.

வாரம் இரண்டு வகுப்பு என்றால் பெற்றோர் மாதம் 4,000 ரூபாய் தர வேண்டியிருக்கும். ஆசிரியரின் நிலையோ அப்படியொன்றும் செழிப்பானது அன்று. வீட்டிலிருந்து போய்த் திரும்பும் நேரம், பாடத் தயாரிப்பு, தேர்வுத்தாள் திருத்தம் எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 41 மணி நேர உழைப்பு. உழைத்த ஒவ்வொரு மணிக்கும் அவருக்கு நிற்பது 180 ரூபாய் அளவுதான்.

தம் வீட்டிலேயே பேட்ச் நடத்தும் முறையில் வண்டிச் செலவு போய், மின்கட்டணமும் பெஞ்சு, போர்டு தேய்மானமும் கூடுதல் செராக்ஸும் வரும். காப்பீடு உட்பட 44,000 என்று கொண்டால் தேவை 3,44,000 ரூபாய். மாலைக்கு ஒன்றரை மணி நேரமாக இரண்டு பேட்ச், திங்கள், புதன், வெள்ளியில் இரண்டும் மற்ற மூன்று நாட்களில் வேறு இரண்டுமாக நான்கு பேட்ச், ஞாயிறு தேர்வு. இங்கே ஒரு மாணவர் வராவிட்டாலும் வகுப்பு நடக்கும், மாதக் கட்டணமும் நிற்காது. ஆகவே நின்றுபோகும் வகுப்புக்காக எதையும் கழிக்க வேண்டியதில்லை. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 34,400, ஒரு பேட்ச்சுக்கு 8,600 ரூபாய்.

இந்த முறையில் தவறு நேரும் இடம் தலைக்கணக்கு. அறையில் எட்டுப் பேர் உட்காரலாம் என்பதற்காக எட்டால் வகுத்து 1,075 ரூபாய் என்று அறிவித்துவிட்டால், ஜூனில் மூன்று பேரும் தீபாவளிக்குப் பிறகு ஏழு பேருமாக இருக்கும் ஆண்டில் நிச்சயம் துண்டு விழும். இடத்தின் கொள்ளளவால் அல்லாமல், பத்து மாதத்தில் சராசரியாக எத்தனை பேர் பணம் கட்டுவார்கள் என்பதால் வகுக்க வேண்டும். சராசரி ஆறு என்றால் தலைக்கு 1,450. நான்குதான் என்றால் 2,150. ஆறு பேர் அமைந்தால் பெற்றோருக்கு முதல் முறையில் ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. ஆசிரியருக்கோ வாரம் 33 மணி உழைப்பில், மணிக்கு 225 ரூபாய்க்கு மேல் நிற்கும். பணக் கணக்கில் பேட்ச்தான் மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அடிப்படையிலேயே பின்தங்கிய மாணவருக்குத் தனி வகுப்பு தரும் கவனத்தைப் பேட்ச்சில் எதிர்பார்க்கவும் முடியாது.

ஆன்லைன் வகுப்பில் பயணம் இல்லாததால் மாலைக்கு நான்கு வகுப்பு அடங்கும். அதே கணக்கில் மணிக்கு 370 ரூபாய் போதும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது என்பதால், அங்குள்ள மாணவர் கிடைத்தால் இரவு 9 மணிக்கு மேலும் ஒரு வகுப்பு எடுக்கலாம்.

இடைத்தரகர் மூலம் வரும் மாணவரைத் தனியாகக் கணக்கிட வேண்டும். முதல் மாதக் கட்டணம் முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டால், மாணவர் பத்து மாதம் நீடித்தாலும் பத்தில் ஒரு பங்கு போய், 500 ரூபாய்க் கட்டணம் 555 ஆக வேண்டும். நான்கே மாதத்தில் நின்றுவிட்டால் கால் பங்கு போகும். அப்போது ஏறத்தாழ 670 வாங்கியிருந்தால்தான் கட்டுப்படியாகும்.

தம் பகுதியில் 500 ரூபாய் தர யாரும் தயாராக இல்லை என்று சொல்பவர், கட்டணத்தில் கை வைப்பதற்கு முன் பயண நேரத்தில் கை வைப்பது நல்லது. ஒரே அடுக்ககத்தில் அடுத்தடுத்து மாணவர் அமைந்தால் மாலைக்கு நான்கு வகுப்பு எடுக்கலாம், பெட்ரோலும் குறையும். அப்போது 375 ரூபாய்க்கே அதே 25,000 கிடைக்கும். தள்ளியிருக்கும் ஒரு வீட்டுக்கு 500, அந்த அடுக்ககத்துக்கு 375 என்று இரு கட்டணம் வைப்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அதேபோல வகுப்புக் கணக்கில் பணம் வாங்காமல் மாதக் கட்டணமாக, ஐந்தாம் தேதிக்குள் முன்பணமாக வாங்கி, முந்தைய நாளே சொன்னால் மட்டும் மாற்று வகுப்பு என்று ஜூனிலேயே பேசிவிட்டால், நின்றுபோகும் பத்தில் ஒரு பங்கில் கணிசமான பகுதி மீளும்.

போட்ட கணக்கு சரியா என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் தெரியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வாரந்தோறும் பணம் பெற்ற மணி நேரத்தை மட்டும் குறித்து வர வேண்டும். தனி வகுப்பு முறையில் அது வாரத்துக்கு 18க்குக் கீழே போனால், 500 ரூபாய் வாங்கியும் ஆண்டு முடிவில் பற்றாக்குறை நிச்சயம். அந்த ஆண்டின் நடுவே கட்டணத்தை உயர்த்தப் பெற்றோர் சம்மதிப்பது அரிது என்பதால், அடுத்து வரும் புதிய மாணவருக்குப் புதிய கட்டணம் சொல்லி, பழையவர்களுக்கு அடுத்த ஜூன் முதல் உயர்வு என்று அரையாண்டு விடுமுறையிலேயே தெரிவித்துவிடலாம்.