அடுக்குவதா, துளைப்பதா: கிழக்காசிய மரமண்டபங்களில் இரண்டு தாங்குமுறைகள்

சீனத்து, ஜப்பானிய மரமண்டபங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், தூண்தலையில் ஒன்றோடொன்று கோத்த கட்டைகள் நிலநடுக்கத்தின் விசையை விழுங்கிவிடுகின்றன என்ற கூற்றும் கூடவே வந்துவிடும். அது பாதி உண்மைதான். அந்தக் கட்டைகள் எல்லா மண்டபங்களிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை அந்தக் கூற்று மறைத்துவிடுகிறது. தூணின் தலைமேல் கட்டைகளை அடுக்குவது ஒரு வழி. தூணைத் துளைத்து அதற்குள் கட்டைகளைச் செருகுவது இன்னொரு வழி. முதல் வழிக்கு ஷான்சி மாநிலத்தின் வுதாய் மலையில் கி.பி. 857இல் எழுந்த ஃபோகுவாங் கோயிலின் கிழக்கு மண்டபத்தையும், இரண்டாம் வழிக்கு நாராவில் தோதாய்ஜி கோயிலின் நந்தாய்மோன் எனப்படும் தெற்குப் பெருவாயிலையும் எடுத்துக்கொள்கிறேன். பிந்தையது 1199இல் எழுப்பப்பட்டது.

கிழக்கு மண்டபத்தின் தூண்கள் ஏறத்தாழ 5 மீட்டர் உயரமும் அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமும் உடையவை. அவற்றின் தலையில் நிற்கும் கட்டை அடுக்கின் உயரம் தூணின் உயரத்தில் பாதி அளவுக்கு இருக்கிறது. இறவாரம் தூண்வரிசையிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நீண்டு நிற்பதால்தான் அடுக்குக்கு இவ்வளவு உயரம் தேவைப்பட்டது. சீனர் இந்த அடுக்கைத் தோகுங் என்பர். அதில் ‘தோ’ என்பது தானியம் அளக்கும் பாத்திரத்தின் பெயர். அடிப்பக்கம் குறுகிய மரக்கால் போன்ற சதுரக் கட்டைக்கு அப்பெயர் வந்தது. ‘குங்’ என்பது அதன்மேல் படுக்கும் கை. தூண்தலையில் ஒரு பெரிய தோ அமர்கிறது. அதன் மேற்பரப்பில் வெட்டிய சிலுவைக் காடியில், சுவரின் போக்கில் ஒரு கையும் வெளிநோக்கி ஒரு கையும் ஒன்றையொன்று கடந்து படுக்கின்றன. கைகளின் முனைகளில் சிறிய தோக்கள் அமர்ந்து அடுத்த கைகளைத் தாங்குகின்றன. இப்படியே ஒவ்வொரு படியும் சற்று வெளியே தள்ளிச் செல்கிறது.

இந்தக் காடியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். லீ ஜியே தொகுத்து 1103இல் அச்சேறிய அரசுக் கட்டட விதிநூலான யிங்சாவ் ஃபாஷி, கையின் உயரத்தை 15 கூறுகளாகப் பிரித்து, சுவரின் போக்கில் செல்லும் கையை மேலிருந்து 10 கூறும், வெளிநோக்கி நீளும் கையைக் கீழிருந்து 5 கூறும் மட்டுமே வெட்டச் சொல்கிறது. வெளியே நீளும் கையின் முனையில் பாரம் ஏறும்போது அதன் மேற்புற நார்கள் இழுபடும், அடிப்புற நார்கள் அமுங்கும். மரம் இழுபட்டு முறிவது மேற்புறத்தில்தான் என்பதால், அந்தப் பக்கத்தில் வெட்டே விழக்கூடாது. பாரம் குறைந்த குறுக்குக் கையே ஆழமான வெட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும். சமன்பாடு எதுவும் எழுதப்படாத காலத்தில் இந்த வேறுபாடு விதியாகிவிட்டது என்பதே எனக்கு அந்த அடுக்கின் அழகைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

கைகள் மட்டும் போதாது. கிழக்கு மண்டபத்தின் அடுக்கில் இரண்டு படிகளுக்கு மேல் ‘ஆங்’ எனப்படும் இரண்டு சாய்ந்த நெம்புகோல் மரங்கள் இருக்கின்றன. அவற்றின் வெளிமுனைமீது இறவாரத்தின் பாரம் இறங்குகிறது. உள்முனையோ கூரைக்குள் மறைந்த உத்திரத்தின் அடியில் சிக்கியிருக்கிறது. இறவாரம் வெளிமுனையைக் கீழே அழுத்தினால், உள்முனை மேலெழ முயலும். மண்டபத்தின் நடுக்கூரையின் பாரம் அதை எழவிடாது. அதாவது கூரையின் ஒரு பகுதி மறுபகுதிக்கு எடைக்கல்லாகிறது. ஆனால் இந்தப் பாரம் முழுவதும் கடைசியில் ஒரே ஒரு பெரிய தோவின் வழியாகத்தான் தூணுக்குள் இறங்குகிறது. அந்தத் தோவின் நார்கள் படுக்கைவாட்டில் ஓடுகின்றன. நாருக்குக் குறுக்கே அழுத்தும்போது மரத்தின் விறைப்பு, நார்வழியே உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆகவே இம்முறையில் முதலில் களைப்பது அந்தத் தோதான். அதன் பக்கவாட்டில் நாரின் போக்கில் ஓடும் வெடிப்பும், தூண்தலை அதற்குள் பதிந்த தடமும், அதே வரிசையின் மற்ற அடுக்குகளைவிட ஒன்று மட்டும் தாழ்ந்து நிற்பதும் அதற்கான அடையாளங்கள்.

நந்தாய்மோன் முற்றிலும் வேறு தருக்கத்தில் நிற்கிறது. 962இல் பழைய வாயிலைப் புயல் வீழ்த்தியது. 1180ஆம் ஆண்டு தீக்குப் பிறகு கோயிலை மீட்டெழுப்பும் பொறுப்பை ஏற்ற சோகென் என்னும் துறவி, தென்சீனக் கட்டுமானத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் முறை ஒன்றைக் கையாண்டார். ஏறத்தாழ 1 மீட்டர் விட்டமுள்ள 18 தூண்கள் தரையிலிருந்து கூரைக்குள் 20 மீட்டர் அளவுக்கு ஒரே மரமாக எழுகின்றன. கைகள் தூணின் தலையில் அமர்வதில்லை; தூணின் உடலிலேயே துளையிட்டுச் செருகப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு படிகள் வெளியே நீள்கின்றன. ‘நுகி’ எனப்படும் கிடைமரங்கள் தூணுக்குத் தூண் ஊடுருவிச் செல்ல, துளையில் எஞ்சிய இடைவெளியில் ஆப்பு அறைந்து அவற்றை இறுக்கியிருக்கிறார்கள். இங்கே இறவாரத்தின் பாரம் ஒரே கட்டையைப் பிழிவதில்லை. வெவ்வேறு உயரங்களில் படிப்படியாகத் தூணுக்குள் இறங்குகிறது. பாரம் தாங்கும் கணக்கில் மட்டும் பார்த்தால் இது நேர்மையான, சிக்கனமான வழி. வெட்டவேண்டிய கட்டைகளின் வகைகளும் குறைவு.

நிலம் ஆடும்போதுதான் இரண்டும் உண்மையில் பிரிகின்றன. கிழக்கு மண்டபத்தின் தூண்கள் அடிக்கற்களின்மேல் வெறுமனே நிற்கின்றன; தலையில் மட்டும் கிடைமரங்கள் அவற்றை இணைக்கின்றன. பக்கவாட்டில் தள்ளினால் தூண் தன் அடிவிளிம்பில் சற்றே சாயும். சாயும்போது கூரை கொஞ்சம் உயரும். உயர்ந்த கூரை மீண்டும் கீழிறங்க முயன்று தூணை நிமிர்த்தும். சாய்வு தொடங்கத் தேவையான விசையை எளிதாகக் கணக்கிடலாம்: கூரையின் எடையைத் தூணின் விட்டத்தால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் போதும். 5 மீட்டர் உயரத்துக்கு 54 செ.மீ. விட்டம் என்று கொண்டால், எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு கிடைக்கிறது. விளிம்புகள் நசுங்குவதால் உண்மையில் இது இன்னும் குறையும். அந்த அளவைத் தாண்டியதும் மண்டபம் விழுந்துவிடாது. ஆடத் தொடங்கும், அவ்வளவுதான். கவிழ வேண்டுமானால், கோட்பாட்டளவில், தூண்தலை அரை மீட்டர் அளவுக்கு நகர வேண்டும். பெரும்பாலான அதிர்வுகள் அவ்வளவு தூரம் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. இந்த ஆட்டத்தின்போது காடிகளில் நிகழும் உராய்வும், தோக்களின் நார்கள் அமுங்கி விடுவதும் அதிர்வின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. தியான்ஜினுக்கு அருகே தூலெ கோயிலில் 984இல் எழுந்த, இதே குடும்பத்தைச் சேர்ந்த குவான்யின் மாடத்தின் மரச்சட்டகம், 1679ஆம் ஆண்டின் பெரு நிலநடுக்கத்தையும் 1976இல் தாங்ஷானை அழித்த நிலநடுக்கத்தையும் கடந்து நின்றது.

இந்த இடத்தில்தான் ‘கனமான கூரையே மண்டபத்தைக் காப்பாற்றுகிறது’ என்ற பரவலான வாதம் தடுமாறுகிறது. கூரை கனமானால் நிமிர்த்தும் விசை கூடுகிறது என்பது சரி. ஆனால் நிலம் ஆடும்போது அந்தக் கூரையைத் தள்ளும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. மேலே கண்ட 11 விழுக்காடு, ஓடுகள் இருந்தாலும் இறக்கப்பட்டாலும் 11 விழுக்காடாகவே இருக்கும். உராய்வுக்கும் இதுவே பொருந்தும். ஆகவே அடுக்குமுறையில் காப்பது எடை அன்று, தூணின் தடிமனுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்தான்.

அதே கணக்கை நந்தாய்மோனுக்குப் போட்டால், 20 மீட்டருக்கு 1 மீட்டர், அதாவது 5 விழுக்காடுதான் வருகிறது. இவ்வளவு ஒல்லியான தூண்கள் தம் எடையை நம்பி மட்டும் நிற்க முடியாது. அங்கே நுகிகள் அலங்காரமோ கூடுதல் பாதுகாப்போ அல்ல, கட்டடத்தின் உயிரே அவைதாம். தூண் சாயும்போது துளைக்குள் நுகி திரும்ப முயன்று, துளையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் தூணை அழுத்துகிறது. நுகியின் நார்கள் குறுக்கே நசுங்கி எதிர்ப்பைத் தருகின்றன. இந்த எதிர்ப்பு கூரையின் எடையைச் சார்ந்ததன்று. மரத்தின் அளவையும் ஆப்பின் இறுக்கத்தையும் சார்ந்தது. அதனால் இங்கே கூரையின் கனத்தைக் குறைத்தால் உண்மையாகவே பயன் உண்டு, கனத்தைக் கூட்டினால் உண்மையாகவே ஆபத்து உண்டு. நிலம் மேல்கீழாக எகிறும்போதும் இம்முறைக்கு ஒரு மேன்மை இருக்கிறது: அடுக்குமுறையில் ஒரு கணம் பாரம் குறைந்தால் உராய்வும் நிமிர்த்தும் விசையும் கூடவே குறைந்துவிடும், செருகிய நுகியோ பிடியை விடாது. 1854இல் நாராவை உலுக்கிய இகா-உவேனோ நிலநடுக்கத்துக்குப் பிறகும் பெருவாயில் நின்றது.

ஆனால் துளைமுறையின் குறைகள் மெதுவாகவும் மறைவாகவும் வருகின்றன. மரம் உலர்ந்து சுருங்கினால் ஆப்பு தளரும். தளர்ந்த ஆப்போடு நிற்கும் வாயில், சிறிய சாய்வுகளுக்கு எந்த எதிர்ப்பையும் தராமல் ஆடி, பிறகே பிடிக்கும். தூணை ஒரே மட்டத்தில் இரு திசைகளிலும் துளைத்த இடத்தில் குறுக்குவெட்டு மிகவும் குறைவதால், முறிவு வந்தால் அங்கேதான் வரும். துளைக்குள் தேங்கும் ஈரமும் உளுப்பும் வெளியிலிருந்து தெரியாது. அடுக்குமுறையில் கெட்ட ஒரு கையைக் கூரையைத் தூக்கி மாற்றிவிடலாம்; இங்கே தூணே கெட்டால் மாற்றுவதற்கு அதே நீளத்தில் இன்னொரு மரம் வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பெய்ஜிங் அரண்மனையில் 1695இல் மீண்டும் எழுப்பப்பட்ட தாய்ஹெதியன் என்னும் மண்டபத்தில், கட்டை அடுக்குகள் மிகச் சிறியவை, ஆனால் மிகப் பல. நடுத்தூண் இடைவெளியில் மட்டும் தூண்களுக்கு நடுவே எட்டு அடுக்குகள். அங்கே உத்திரங்களும் தடித்த இணைப்பு மரங்களும்தான் வேலையைப் பெரிதும் செய்கின்றன. நெம்புகோலாக இருந்த ஆங், பறவையின் அலகு போலச் செதுக்கிய முனையாகச் சுருங்கிவிட்டது. தாங்குமுறை என்ற அளவில் இதை முந்தைய இரண்டுக்கும் போட்டியாளராக நான் கருதவில்லை.

கட்டப்போகிறவர் கேட்டால், தாழ்வான, தடித்த தூண்களுள்ள மண்டபத்துக்கு அடுக்குமுறையையும், உயர்ந்த வாயிலுக்குத் துளைமுறையையும் சொல்வேன். ஜப்பானியத் தச்சர்கள் வேறொன்றைச் செய்தார்கள். 1206இல் சோகென் இறந்தபின் தூணில் செருகிய கைகள் ஏறத்தாழ மறைந்துபோயின; நுகி மட்டும் எல்லாக் கட்டடங்களிலும் பரவியது. பிற்காலக் கோயில்களில் தூண்களை நுகியால் இறுக்கிவிட்டு, தலையில் பழையபடி அடுக்கையே அமர்த்தினார்கள். செருகிய கைகளை மீண்டும் பெரிய அளவில் கையாண்ட கட்டடம் தோதாய்ஜியின் இன்றைய மாபுத்தர் மண்டபம். 1709இல் முடிந்த அதன் கூரை காலப்போக்கில் தொய்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில், அந்தக் கூரைக்குள் எஃகுச் சட்டங்களைப் பொருத்தினார்கள்.