திருத்துவதா, கேட்பதா, சொல்வதா? சக மாணவரின் வரலாற்றுக் கட்டுரையில் எழுதும் குறிப்புகள்: ஓர் ஒப்பீடு

மாட்டுங்காவிலும் தாராவியிலும் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வரலாற்றில் அடிக்கடி வரும் தலைப்பு 1896 மும்பை பிளேக். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்துக் குறிப்பு எழுதித் தரும் பயிற்சிக்கும் அது நல்ல தலைப்பு. ஆண்டு, எண்ணிக்கை, காரணம் மூன்றும் அதில் இருக்கின்றன, மூன்றிலும் தவறு வர இடமும் இருக்கிறது.

ஒரே பத்தியை எடுத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் எழுதக்கூடிய நான்கு வகைக் குறிப்புகளை ஒப்பிடுவோம். இந்தப் பயிற்சிக்காகவே எழுதிய பத்தி இது:

"1897-ல் ஆங்கிலேய அரசு கொள்ளைநோய் சட்டத்தை கொண்டுவந்தது. இதனால் கொதித்தெழுந்த ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். மக்களின் அறியாமையே இதற்குக் காரணம். 1891-ல் 8,21,764 ஆக இருந்த மும்பையின் மக்கள்தொகை 1901-ல் 7,76,006 ஆகக் குறைந்தது. அதாவது பிளேக்கில் 45,758 பேர் மாண்டார்கள்."

முதல் வகை, சிவப்புப் பேனா. 'கொள்ளைநோய்' பக்கத்தில் ஒரு 'ச்', 'சட்டத்தை' பக்கத்தில் ஒரு 'க்'. ஐந்து நிமிடத்தில் பக்கம் முழுக்கச் சிவந்துவிடும், வேலை பார்த்த திருப்தியும் வந்துவிடும். ஆனால் இந்தப் பத்தியில் ஒற்றுப்பிழையைவிடப் பெரிய தவறுகள் மூன்று இருக்கின்றன, பேனா அவற்றைத் தொடவே இல்லை. Google Docs-ல் Suggesting வைத்துத் திருத்தினால் நிலைமை இன்னும் மோசம். எழுதியவர் வரிசையாக ✓ தட்டிக்கொண்டே போவார், ஒரு வாக்கியத்தைக்கூட மறுபடி படிக்க மாட்டார். ஒற்றுப்பிழை தொடர்ந்து வந்தால் முதல் இரண்டை வட்டமிட்டு, "வல்லினம் மிகும் இடங்களை மறுபடி பார்" என்று ஒரு வரி எழுதினால் போதும். மீதியை அவரே தேடட்டும்.

இரண்டாம் வகை, கடைசியில் எழுதும் பாராட்டுரை. "அருமை! இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம்." எதை, எங்கே ஆழமாக எழுதுவது? எந்தக் கட்டுரையின் கீழேயும் ஒட்டிவிடக்கூடிய வாக்கியத்தை எழுதியவர் எடுத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பாராட்டே கூடாது என்பதல்ல. "1891, 1901 கணக்கெடுப்பு இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது நல்லது, நகரம் சுருங்கியது உடனே தெரிகிறது" என்பதும் பாராட்டுதான். அதைப் படித்தவர் திருத்தும்போது அந்த எண்களை வெட்டிவிட மாட்டார். எது நன்றாக இருக்கிறது என்று தெரியாமல் திருத்த உட்காருபவர்கள் முதலில் வெட்டுவது பெரும்பாலும் நல்ல பகுதியைத்தான்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: கேள்வியாகக் கேட்கும் குறிப்பு, நேராகச் சொல்லும் குறிப்பு.

'கேள்வியாகவே கேள், விடையைச் சொல்லாதே, அவர்களே யோசிக்கட்டும்' என்று பல வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். அது பாதிதான் சரி. இந்தப் பத்தியின் மூன்று தவறுகளிலும் அதைப் போட்டுப் பார்த்தால் எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது என்று தெரியும்.

முதல் தவறு கால வரிசை. மாண்ட்வி பகுதியில் பிளேக் இருப்பது கண்டறியப்பட்டது 1896 செப்டம்பரில். நோயாளிகளைப் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக நகராட்சி கமிஷனர் ஆணை பிறப்பித்தது அக்டோபரில். ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கியதும் அதே அக்டோபரில். கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது 1897 பிப்ரவரியில். ஆக, பத்தியில் விளைவு முன்னால் நடந்துவிட்டது, காரணம் பின்னால் வருகிறது.

இங்கே "தாக்குதல் எப்போது நடந்தது?" என்று கேட்டால் என்ன ஆகும்? கேட்பவருக்கு விடை தெரியும் என்பது எழுதியவருக்குப் புரிந்துவிடும். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டது போல இருக்கும். பெரும்பாலும் தேதியை மட்டும் தேடி மாற்றுவார், 'இதனால்' என்ற சொல் அப்படியே நிற்கும். தெரிந்த உண்மையை நேராகச் சொல்லிவிடுவதே மேல்: "தாக்குதல் 1896 அக்டோபர், சட்டம் 1897 பிப்ரவரி. அதனால் உன் இரண்டாம் வாக்கியத்தின் 'இதனால்' நிற்காது. அந்த மாதம் நகராட்சி என்ன ஆணை போட்டது என்று பார்த்தால் காரணம் கிடைக்கும்." தவறான சொல் எது, ஏன் தவறு, எங்கே தேடுவது, மூன்றும் இதில் வந்துவிட்டன. காரணத்தைக் கண்டுபிடித்து எழுதும் வேலை இன்னும் அவருடையதுதான்.

இரண்டாவது 'அறியாமை'. இங்கே நிலைமை தலைகீழ். இது தேதி போலப் புத்தகத்தில் பார்த்துத் திருத்தும் தவறல்ல, ஒரு தீர்ப்பு. "இது தவறு, மக்கள் அறியாமையில் இல்லை" என்று ஓரத்தில் எழுதினால் ஒரு தீர்ப்புக்கு எதிராக இன்னொரு தீர்ப்பை வைத்ததாகத்தான் ஆகும். எழுதியவர் முகம் சுளித்துக்கொண்டு அதை நீக்குவார், அல்லது நீக்கவே மாட்டார். இங்கே கேள்விதான் வேண்டும், ஆனால் "ஏன்?" என்ற ஒற்றைச் சொல் கேள்வி அல்ல. அதற்கு "பாடப்புத்தகத்தில் இருக்கிறது" என்ற பதில் வந்து நின்றுவிடும். ஆதாரத்தை நோக்கித் திருப்பும் கேள்வியாக இருக்க வேண்டும்: "அறியாமை என்று இதில் சொல்வது யார்? தொழிலாளர்களா, அவர்களைப் பற்றி அறிக்கை எழுதிய அதிகாரியா? அன்றைக்கு மருத்துவமனைக்குப் போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்?"

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. பிளேக்குக்கு அப்போது மருந்து கிடையாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. வீட்டுப் பெண்களை அந்நிய ஆண்கள் தொட்டுப் பரிசோதித்தது, சாதி பார்க்கும் குடும்பத்தாரை ஒரே வார்டில் போட்டது, குடும்பத்திலிருந்து ஆளைப் பிரித்தது என்று கோபத்துக்குக் காரணங்கள் பல. 'அறியாமை', 'மூடநம்பிக்கை' என்ற சொற்கள் அன்றைய அதிகாரிகளின் அறிக்கைகளில் சகஜம். 1897-ல் நகரத்தின் பிளேக் கமிட்டிக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் கேட்டேக்கரே அந்தக் கமிட்டியின் வேலையைப் பற்றிய அறிக்கையையும் எழுதினார். தன் வேலையைத் தானே விவரிப்பவர், தன்னை எதிர்த்தவர்களை எப்படி விவரிப்பார் என்று யோசிக்க வைப்பதே அந்தக் கேள்வியின் வேலை. யோசித்த பிறகும் 'அறியாமையும் ஒரு காரணம்' என்று ஆதாரத்தோடு எழுதினால் அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவதுதான் படிப்பவர்கள் எளிதில் கோட்டைவிடுவது, ஏனென்றால் கழித்தல் கணக்கு சரி. 8,21,764-லிருந்து 7,76,006 போனால் 45,758 தான். எண்ணைக் கண்டதும் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஆனால் ஒரு நகரத்தின் மக்கள்தொகை சாவால் மட்டும் குறைவதில்லை. பிளேக்குக்குப் பயந்து லட்சக்கணக்கானோர் கொங்கணத்துக்கும் குஜராத்துக்கும் கிளம்பினார்கள். பலர் திரும்பி வந்தார்கள், புதிதாக வேலை தேடி வந்தவர்களும் உண்டு, பத்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளும் உண்டு. இத்தனையும் சேர்ந்து கிடைக்கும் நிகரக் கணக்குதான் அந்த 45,758. சாவு எண்ணிக்கைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இதற்குத் தனிக் கேள்வியும் போதாது, தனிக் கூற்றும் போதாது. "இந்த எண் தவறு" என்றால் எழுதியவர் கால்குலேட்டரை எடுத்துச் சரிபார்த்துவிட்டு, குறிப்பு எழுதியவர்தான் தவறு என்று முடிவு கட்டுவார். "இது சாவு எண்ணிக்கைதானா?" என்றால் "ஆமாம்" என்று முடிந்துவிடும். நீங்கள் படித்த விதத்தைக் காட்டிவிட்டுப் பிறகு கேளுங்கள்: "கழித்தல் சரி. ஆனால் குறைந்தவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் என்று நீ எடுத்துக்கொண்டதாகப் படுகிறது. ஊரைவிட்டுப் போனவர்களும் வந்தவர்களும் இந்த எண்ணில் எங்கே? சாவுக் கணக்கு வேண்டுமென்றால் நகராட்சியின் இறப்புப் பதிவைத் தேடு. அதிலும் மறைத்தவை இருக்கும், கவனம்." கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே என்று பயந்து பல குடும்பங்கள் பிளேக் சாவை வேறு காய்ச்சல் என்று பதிவு செய்தன. அதைச் சொல்லாவிட்டால் ஒரு தவறான எண்ணை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்.

ஆகவே எங்கள் தேர்வு இது. சரிபார்த்த தகவல் பிழையை நேராகச் சொல்லிவிடுங்கள். தீர்ப்பாக எழுதியிருப்பதை ஆதாரத்தின் பக்கம் திருப்பிக் கேளுங்கள். எண்ணிலிருந்து முடிவுக்குத் தாவிய இடத்தில், நீங்கள் படித்ததை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். உங்களுக்கே உறுதியாகத் தெரியாத தகவலைக் கூற்றாக எழுதவே கூடாது. "எனக்குச் சந்தேகம், டீச்சரிடம் கேட்போம்" என்பதும் முழுமையான குறிப்புதான். நண்பர் எழுதிய தவறான தேதியைவிட, நீங்கள் தைரியமாகத் திருத்திய தவறான தேதி அதிகக் கெடுதல், ஏனென்றால் அதை இருவரும் நம்பிவிடுவீர்கள்.

எண்ணூறு சொல் கட்டுரைக்கு நாற்பது நிமிடம் தேவை. முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடாமல் படியுங்கள், முடித்ததும் கட்டுரை சொல்வது என்ன என்று ஒரு வாக்கியத்தில் தனித்தாளில் எழுதுங்கள். அந்த வாக்கியம் வரவில்லை என்றால் அதுவே முதல் குறிப்பு: "உன் கட்டுரை பிளேக்கைப் பற்றியா, நகரம் சுருங்கியதைப் பற்றியா என்று எனக்குப் பிடிபடவில்லை." பிறகு 'இதனால்', 'அதாவது', 'ஆகவே', 'காரணம்' வரும் இடங்களை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். வரலாற்றுக் கட்டுரையில் தவறு பெரும்பாலும் அந்தச் சொற்களுக்கு அடியில்தான் பதுங்கியிருக்கும். நம் மாதிரிப் பத்தியிலும் மூன்றும் அங்கேதான் இருந்தன. நான்கு அல்லது ஐந்து குறிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினைந்து எழுதினால் எழுதியவர் சுலபமானவற்றைச் செய்துவிட்டு, 'இதனால்' பற்றியதைத் தாண்டிப் போவார்.

குறிப்பு பலித்ததா என்று திருத்திய பத்தியைப் பார்த்தால் தெரியும். நம் பத்தி இப்படித் திரும்பி வந்தால் பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம்: "1896 அக்டோபரில் நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்கு அனுப்பும் ஆணை வந்தது. அதே மாதம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். அதிகாரிகள் இதை அறியாமை என்றார்கள், ஆனால் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் திரும்பாத நேரம் அது. 1891-ஐவிட 1901-ல் நகரத்தில் 45,758 பேர் குறைவு. இதில் இறந்தவர்கள் எத்தனை, ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை என்பதைக் கணக்கெடுப்பு மட்டும் சொல்லாது."