டை அடிக்கும் முன் தேங்காய் எண்ணெய்: தடவலாமா, வேண்டாமா?

முடிக்குள் ஊறும் தன்மை தேங்காய் எண்ணெய்க்கு உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலமே காரணம். முடியின் புரதம் கழுவலில் கரைந்து போவதை அது குறைக்கிறது. அதனால்தான் இந்தக் குழப்பம்.

பாதுகாப்பு
எண்ணெயுடன்: முந்தைய இரவு ஒரு தேக்கரண்டி தடவினால், வறண்ட நுனி சொரசொரப்பாவது குறையும்.
எண்ணெயின்றி: நுனி கரடாகும், பிறகு கண்டிஷனர் கட்டாயம்.

நிறம்
எண்ணெயுடன்: பிசுபிசுப்பு இருந்தால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். காதோர நரைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அந்த முடி இயல்பிலேயே சாயத்தை எளிதில் ஏற்காது. என் அம்மாவுக்கு வகிட்டில் வெள்ளைக் கோடு அப்படியே நின்றுவிட்டது.
எண்ணெயின்றி: சீராகப் பிடிக்கும். மருதாணிக்கு இதுவே வழி. எண்ணெய்ப் படலம் அதன் சாயத்தை முடியில் ஒட்டவிடாது.

முடியை விரலால் உருவுங்கள்; விரல் மினுங்கினால் எண்ணெய் அதிகம், ஷாம்பு போட்டு உலர்த்துங்கள்.

நரையை மறைக்க வேண்டுமானால் எண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே சாயமேறிய வறண்ட நீள முடிக்கு, வேரை விட்டு நுனிக்கு மட்டும் தடவுங்கள். டை ஒவ்வாமையை எண்ணெய் தடுக்காது. 48 மணி நேரம் முன்பே காதின் பின்புறம் சோதித்துப் பாருங்கள்.